வேகமும் விவேகமும்

‘ஸ்பீட் த்ரில்ஸ், பட் கில்ஸ்’ என்ற சாலை வாசகத்தின் உயிர் த்ரில்ஸ், கில்ஸ் என்ற இயைபில் இருக்கிறது. ‘வேகம் சிலிர்ப்பூட்டும், ஆனால் கொல்லும்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் வந்துவிடும்; ஓசை செத்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுவார். அதற்குள் ஓசையில்லாத வரி மனதில் ஏறாது.

நம் சாலையோரங்களில் நிற்கும் ‘வேகம் விவேகமல்ல’ என்ற வாசகத்தைப் பாருங்கள். இரண்டே சொல். வகர மோனை, போதாததற்கு, விவேகத்துக்குள்ளேயே வேகம் ஒளிந்திருக்கிறது. என்ன அழகு! சாவைப் பேசாமலே, வீட்டுப் பெரியவர் கண்டிக்கும் தொனியில் எச்சரிக்கை வந்துவிடுகிறது. வேகத்தின் கிளர்ச்சி மட்டும் விடுபட்டுப்போகிறது. பைக்கில் பறக்கும் இளைஞனுக்கு எழுதுவதென்றால், அதையும் பிடிக்கிற வேறொரு வரியைத் தேடத்தான் வேண்டும்.