நலங்கு மாவும் பாட்டியின் கூலியும்

அறுபதைக் கடந்த பெண்கள் வீட்டிலிருந்தே தொடங்கும் தொழில்களில் குளியல் பொடிக்குத் தனி மவுசு உண்டு. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கின்றன. பக்குவம்தான் கடையில் கிடைக்காது.

வெட்டிவேரைக் கையால் ஒடித்தால் வளையாமல் 'சடக்'கென்று முறிய வேண்டும். இதழ் உள்ளங்கையில் நொறுங்க வேண்டும். ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் பொடி கட்டி தட்டி, பூஞ்சை வாசம் அடிக்கும். மில்லில் நமக்கு முன் மிளகாய் அரைத்திருந்தால் குளிப்பவர் உடம்பெல்லாம் எரியும். முதலில் ஒரு படி அரிசியை ஓட்டிவிட்டுத்தான் நம் சரக்கைப் போட வேண்டும். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்க்கும். வருஷக்கணக்கில் வீட்டுக்கு அரைத்த கைக்கு இதெல்லாம் தெரியும், புதிதாக வருபவர் சரக்கைக் கெடுத்துத்தான் கற்பார்.

தொழில் சறுக்குவது கணக்கில். 5 கிலோ சரக்குக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சலித்த கப்பியும் சேதாரமும் போக நாலரைக் கிலோ தேறினால் 100 கிராம் பாக்கெட் 45. பாக்கெட் 80 ரூபாய் என்றால் வரவு 3,600. அரைவைக் கூலி 150, கவரும் லேபிளும் 360 கழித்தால் 1,090 மிஞ்சும். இதையே கடையில் வைத்து, கடைக்காரர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 1,080 போய்விடும். கையில் நிற்பது பத்து ரூபாய்! சரக்கைக் காயவைக்க மூன்று நாள் மொட்டை மாடி ஏறி இறங்கியதும், பொடி மூக்கில் ஏறத் தும்மிக்கொண்டே சலித்ததும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. "சும்மா இருக்கிற நேரம்தானே" என்று வீட்டார் சொல்வார்கள். அந்தச் 'சும்மா'வில்தான் விலை மலிவாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கல் சட்டம். அதே பாட்டி அங்காயப் பொடி விற்றால் சிறு வியாபாரிக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். குளியல் பொடி அழகுசாதனம். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். அதற்கென்று தனி இடவசதியும் தகுதியுள்ள தொழில்நுட்ப ஆளும் காட்ட வேண்டும். 'படர்தாமரை போகும்' என்று லேபிளில் எழுதிவிட்டால் அது மருந்தாகி, சிக்கல் இன்னும் பெரிதாகும். அடுப்படிக்கு இந்த விதி பெரிய சட்டைதான். ஆனால் பூஞ்சை பிடித்த பொடி கைக்குழந்தையின் தோலிலும் படும் என்பதால் விதியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

என் தீர்ப்பு இது: தனியாளாக, கடை வழியாக, குளியல் பொடி விற்பது வயதான பெண்ணுக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் கைப்பக்குவத்தை அங்காயப் பொடியில் காட்டி, தெரிந்தவர்களுக்கு நேரடியாக விற்கலாம். நலங்கு மாவுதான் என்றால் உரிமம் உள்ள குழுவோடு சேர்ந்து, பக்குவம் பார்ப்பதற்குத் தனிக் கூலி கேட்டு வாங்குங்கள்.