மூன்றும் மூன்றும் அடிபட்டபோது

சொன்னால் சிரிப்பீர்கள். நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் ஒரு கணக்கைப் போட்டு முடித்தேன். விடை சைபர். எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் சைபர். அந்த சந்தோஷத்தில் தூக்கமே போய்விட்டது.

ஆரம்பித்து வைத்தது பிளஸ் டூ படிக்கும் என் மகள். ஒரு சார்பை x-இல் இரண்டு முறை, y-இல் இரண்டு முறை, z-இல் இரண்டு முறை பகுதி வகையிட்டு, மூன்றையும் கூட்டினால் சைபர் வர வேண்டும். வந்தால் அந்தச் சார்பு லாப்லாஸ் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது, அது ஹார்மானிக் என்று அர்த்தம். "ஏம்ப்பா, சைபர்தான் வரும்னு கேள்வியிலேயே சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குப் போட்டுப் பாக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. கல்லூரியில் கணக்கு படித்த காலத்தில் நானும் இதே சலிப்போடுதான் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன். அப்போது கண்ணில் படாதது நேற்றுப் பட்டது.

எடுத்துக்கொண்ட சார்பு u = 1/r. r என்பது மூலப்புள்ளியிலிருந்து தூரம்; அதாவது r² = x² + y² + z². எல்லாவற்றுக்கும் சாவி ஒரே ஒரு வரிதான்: r-ஐ x-இல் வகையிட்டால் x/r வரும். இதைக் கையில் வைத்துக்கொண்டால் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டவே வேண்டாம். முதல் வகைக்கெழு −x/r³. அதை இன்னொரு முறை வகையிட வேண்டும். இங்கேதான் மகள் சறுக்கினாள்.

"எனக்கு 3/r³ மிச்சம் வருதுப்பா."

நோட்டைப் பார்க்காமலேயே தப்பு எங்கே என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்கு ஆச்சரியம். மந்திரம் ஒன்றுமில்லை, மிச்சம்தான் காட்டிக்கொடுத்தது. −x/r³ என்பது இரண்டு உருப்படிகளின் பெருக்கல்: மேலே இருக்கும் x ஒன்று, கீழே r-க்குள் ஒளிந்திருக்கும் x இன்னொன்று. பெருக்கல் விதிப்படி இரண்டையும் வகையிட வேண்டும். அவள் ஒளிந்திருந்ததை மட்டும் பிடித்துவிட்டு, கண்ணெதிரே நின்றதை விட்டுவிட்டாள். சரியாகப் போட்டால் இப்படி வரும்:

```
u_xx = −1/r³ + 3x²/r⁵
u_yy = −1/r³ + 3y²/r⁵
u_zz = −1/r³ + 3z²/r⁵
```

முதல் வரியைப் போட்டால் போதும். 1/r-இல் x, y, z மூன்றுக்கும் ஒரே மரியாதை என்பதால், மற்ற இரண்டும் எழுத்தை மாற்றி எழுதுவதுதான். இப்போது கூட்டுங்கள். இடது பக்கத்து உருப்படிகள் சேர்ந்து −3/r³. வலது பக்கத்தில் 3(x² + y² + z²)/r⁵. அடைப்புக்குள் இருப்பது r². ஆக +3/r³. முடிந்தது, சைபர்!

நான் தண்ணீர் குடிக்க எழுந்தது இந்த இடத்தில்தான். அந்த இரண்டு மூன்றுகளையும் பாருங்கள். ஒரு மூன்று, r³-இன் அடுக்கு வகையிடும்போது கீழே இறங்கி வந்தது. இன்னொரு மூன்று, நாம் மூன்று திசைகளில் கூட்டியதால் வந்தது. ஒன்று சார்பின் குணம், மற்றது நாம் வாழும் வெளியின் குணம். எங்கெங்கோ பிறந்த இரண்டும் ஒரே வரியில் சந்தித்து அடிபட்டுப் போகின்றன!

சந்தேகம் இருந்தால் z-ஐத் தூக்கிவிட்டு, தட்டையான தாளில் அதே 1/r-ஐப் போட்டுப் பாருங்கள். திசை இரண்டுதான், ஆகவே −2/r³ + 3/r³. 1/r³ மிச்சம். கட்டுப்படவில்லை! தாளுக்கு ஏற்றது ln r. அதன் இரண்டாம் வகைக்கெழு 1/r² − 2x²/r⁴. இரண்டு திசையிலும் கூட்டினால் 2/r² − 2/r². அங்கே இரண்டும் இரண்டும் அடிபடுகின்றன. அதே ln r-ஐ மூன்று திசைக்குக் கொண்டுபோனால் மறுபடி மிச்சம் விழும். ஒரு சார்பு ஹார்மானிக்கா இல்லையா என்று கேட்டால், எத்தனை திசையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்துகளாகவே இருந்தால் எனக்கு முழு நம்பிக்கை வராது, எண் வேண்டும். (1, 2, 2) என்ற புள்ளியைப் பிடித்தேன். 1 + 4 + 4 = 9, ஆக r = 3. வர்க்கமூலம் சுத்தமாக வரும் இந்த மாதிரிப் புள்ளி கிடைத்தால் விடாதீர்கள். u_xx = −1/27 + 3/243, அதாவது −2/81. u_yy = −1/27 + 12/243, அதாவது 1/81. u_zz-உம் 1/81. மைனஸ் இரண்டு, ஒன்று, ஒன்று. அடடா!

ஆனால் ஒரு புள்ளியில் சைபர் வந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. x³ + y³-க்கு இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டல் 6x + 6y. (1, −1)-இல் அழகாகச் சைபர் காட்டும். பக்கத்திலேயே (1, 1)-இல் 12. எண் போடுவது தப்பைப் பிடிக்கத்தான். சரி என்று நிரூபிக்க x, y எழுத்துகளாகவே இருந்து அடிபட வேண்டும்.

1/r-க்கும் ஒரு ஓட்டை உண்டு. மூலப்புள்ளியில் r சைபர், அங்கே வகையிட எதுவுமே இல்லை. அந்த ஒரு புள்ளியை விலக்கித்தான் பேச வேண்டும். ஈர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் லாப்லாஸ் 1780-களில் இந்தச் சமன்பாட்டைக் கையாண்டார். பொருள் இருக்கும் இடத்துக்குள்ளே அது சைபர் ஆகாது, அங்குள்ள அடர்த்திக்கு ஏற்ற மதிப்பு வரும் என்று 1813-இல் திருத்திச் சொன்னவர் பாய்சான். வெற்று வெளியில்தான் சைபர்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. 1/r என்பது ஈர்ப்பு ஆற்றலின் வடிவம். அதன் முதல் வகைக்கெழு இழுவிசை. இரண்டாம் வகைக்கெழு, அந்த இழுவை இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பது. சந்திரனை மூலப்புள்ளியில் வைத்து, பூமியை x அச்சில் a தூரத்தில் வையுங்கள். y, z இரண்டும் சைபர். u_xx = −1/a³ + 3/a³ = 2/a³. மற்ற இரண்டும் −1/a³. அதாவது, சந்திரனை நோக்கிய கோட்டில் பூமி இரண்டு பங்கு இழுபடுகிறது. குறுக்கே இரு திசைகளிலும் ஒவ்வொரு பங்கு நெருக்கப்படுகிறது. கடலின் ஓதம் இதுதான்! ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கமும் நீளும், அதனால்தான் சந்திரனுக்கு நேர் எதிர்ப்புறத்திலும் நீர் புடைக்கிறது. கீழே r³ இருப்பதால் தூரம் கூடக்கூட ஓதம் சட்டென்று தளர்ந்துவிடும். பூமியைச் சந்திரனைவிடப் பல மடங்கு பலமாக இழுக்கும் சூரியன், ஓதத்தில் மட்டும் சந்திரனில் பாதிகூட இல்லாததற்குக் காரணம் அந்த மூன்றாம் அடுக்குதான்.

2 − 1 − 1 = 0. பிளஸ் டூ நோட்டில் கிடந்த சைபர், கடலுக்குள் இப்படிப் பிரிந்து கிடக்கிறது.

காலையில் மகளுக்கு e^(3x) sin 2y-ஐக் கொடுத்து, ஹார்மானிக்கா பார் என்று சொல்லியிருக்கிறேன். x பக்கம் 9 மடங்கு வரும், y பக்கம் −4 மடங்கு வரும், 5 மிச்சம் நிற்கும். அதை மட்டும் சொல்லவில்லை. இப்போது உள்ளறையில் அழிரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்கிறது.