கூலாய் வெயிலில் உருகாத இளநீர்

ஜொகூரில் இளநீர்ப் புட்டிங்கை அதன் ஓட்டிலேயே வைத்துத் தருவார்கள். மேல்மட்டையைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி நிற்க வைத்த இளநீர்க்காய்க்குள், அதன் தண்ணீரே உறைந்து குளிர்ந்திருக்கும். மேலே வெள்ளையாக ஓர் அடுக்கு, கீழே கண்ணாடியாக ஓர் அடுக்கு. கரண்டியை ஓட்டின் ஓரமாக இறக்கி ஒரு சுரண்டு சுரண்டினால் வழுக்கையும் சேர்ந்து வரும். இந்த மூன்றும் ஒரே வாயில் சேர்வதுதான் இதன் ருசி. மூன்றில் ஒன்று கெட்டாலும் எஞ்சுவது வெறும் இனிப்புக் கட்டி.

கூலாய்க்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஜொகூர் பாருவுக்கு வடக்கே, நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருக்கும் ஊர். ஆண்டு முழுவதும் பிற்பகல் வெயில் 32, 33 டிகிரியைத் தொடும். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கெலாப்பா சாவிட் என்று செம்பனையின் பெயரிலேயே இங்கே ஒரு சிற்றூரும் இருக்கிறது. தென்னையோ பெரும்பாலும் கம்பத்து வீடுகளின் வாசலிலும் கொல்லையிலும் நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு குளிர்ந்த பண்டம் சாப்பாட்டு மேசைக்கு வந்து, பேச்சு முடியும் வரை உருக்குலையாமல் இருக்க வேண்டும். அதனால் எதைக் கொண்டு உறைய வைப்பது என்ற கேள்விதான் முதலில் வருகிறது.

ஜெலட்டின் இங்கே நிற்காது. உடம்புச் சூட்டுக்கும் குறைவான வெப்பத்திலேயே அது இளகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சற்று நேரத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப் போகும். அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது என்பதால், சைவம் பார்க்கும் நம் வீட்டுக்காரர்களும், ஹலால் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மலாய் விருந்தாளிகளும் ஒருசேரத் தட்டை ஒதுக்கி வைப்பார்கள். கடற்பாசியிலிருந்து வரும் அகார் அகார் அப்படியல்ல. 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது உறையும். உறைந்துவிட்டால் 85 டிகிரியை நெருங்கும்வரை இளகாது. கூலாய் வெயில் அதை ஒன்றும் செய்யாது.

இந்தக் குணத்துக்கு அறிவியல் வரலாற்றில் ஓர் அழகான சாட்சி உண்டு. 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தி அவதிப்பட்டார். கோடை வெப்பத்தில் அது உருகி ஓடியது. தன் மனைவி ஃபானி செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் அதே கோடையில் உருகாமல் நிற்பதைக் கண்டு காரணம் கேட்டார். ஃபானி நியூயார்க்கில் பிறந்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த ஒரு டச்சுப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து அகார் அகாரின் கைப்பக்குவத்தை அறிந்திருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை உலகின் ஆய்வுக்கூடத் தட்டுகளில் இருப்பது அந்த அகார்தான். நம் வட்டாரத்துச் சமையலறைப் பொருள் ஒன்று, கோடையில் உருகாது என்ற தகுதியில் அங்கே போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அகாரின் இந்த உறுதியே சமைப்பவருக்குச் சிக்கலும் ஆகிறது. அது கரைய வேண்டுமானால் கொதித்தே ஆக வேண்டும். இளநீரோ கொதிக்கவே கூடாது. ஜொகூரில் இதற்கு விரும்பி வாங்குவது பாண்டான் இளநீர். சிறிய காய், குட்டை மரத்துக் காய். அதன் தண்ணீரில் பாண்டான் இலையின் மணம் இயல்பாகவே இருக்கும். பாண்டான் இலைக்கும் பாஸ்மதி அரிசிக்கும் மணம் தரும் அதே பொருள்தான் இதிலும் இருக்கிறது. சூடு ஏற ஏற ஆவியோடு போய்விடக்கூடிய மணம் அது. கூலாயில் வீட்டு விசேஷங்களுக்கு இந்தப் புட்டிங்கைச் செய்து தரும் ஓர் அக்காவிடம், தண்ணீரை ஒரு கொதி விட்டால் என்ன என்று கேட்டேன். “கொதிச்சா மோந்து பாரு தம்பி, இளநி வாசம் இருக்காது. தேங்கா ஒடைச்ச தண்ணி வாசம்தான் வரும்” என்றார். செய்து பார்த்தால் தெரியும், அந்த வாக்கியத்தில் ஒரு சொல் கூட மிகை இல்லை.

வழி இதுதான். அகாரைச் சாதாரணத் தண்ணீரில் தனியே கெட்டியாகக் காய்ச்சிக்கொண்டு, கொதிக்காத இளநீரை அதில் சேர்ப்பது. நான்கு பாண்டான் காய்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அதில் 800 மில்லி போதும், மிச்சம் செய்கிறவருக்கு. 9 கிராம் அகார்த் தூளை 300 மில்லி பச்சைத் தண்ணீரில் தூவி ஐந்து நிமிடம் ஊற விட்டு, முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு சிட்டிகை உப்புடன் அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் விட வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் துளி மணல் கூடத் தெரியாமல் வழிய வேண்டும். மணல் தெரிந்தால் அந்த அகார் இன்னும் கரையவில்லை. புட்டிங்கும் சரியாக உறையாது.

அதே நேரத்தில் இளநீர்ப் பாத்திரத்தை வெந்நீரில் இறக்கி வைத்து, விரல் பொறுக்கும் அளவுக்கு, 45 டிகிரி வாக்கில், சூடேற்றிக்கொள்கிறோம். இந்தச் சிறு சூட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த இளநீரைக் கொதிக்கும் அகாரில் ஊற்றினால், கலக்கும் முன்பே ஆங்காங்கே நூல் நூலாக உறைந்து போகும். பிறகு எவ்வளவு கிளறினாலும் அந்தத் திரிகள் கரையாது. திரும்ப அடுப்பில் ஏற்றினால் மணம் போகும். வெதுவெதுப்பான இளநீரை மெல்லிய தாரையாக அகாரில் விட்டுக் கலக்கும்போது மொத்தக் கலவையும் 55 டிகிரி அளவில் நிற்கிறது. மணத்துக்கும் பெரிய சேதம் இல்லை, ஊற்றி முடிக்க அவகாசமும் இருக்கிறது.

காய்ச்சிய அகாரில் ஐந்தில் மூன்று பங்கு 600 மில்லி இளநீருக்கு. இது கண்ணாடி அடுக்கு. மிச்சம் இரண்டு பங்கு வெள்ளை அடுக்குக்கு: 200 கிராம் வழுக்கையை 200 மில்லி இளநீர் விட்டு வெண்ணெயாக அரைத்தது. இதையும் அதேபோல் வெதுவெதுப்பாக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும், வடிகட்ட வேண்டாம். மொத்தத்தில் ஒரு லிட்டருக்கு ஏழு கிராம் அகார் என்ற கணக்கு வருகிறது. கடைகளில் பத்து கிராம் வரை போடுவது வழக்கம்; கத்தியால் வெட்டித் துண்டு போட அது வசதி. ஓட்டிலிருந்து கரண்டியால் எடுத்து உண்பதற்கு அந்த விறைப்பு தேவையில்லை. பல்லுக்கு வேலை கொடுக்கும் புட்டிங் வழுக்கையின் மென்மையை மறைத்துவிடும்.

வழுக்கையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காய் பிடித்து ஆறு மாதம் ஆகும்வரை ஓட்டுக்குள் பெரும்பாலும் தண்ணீர்தான். பிறகு காம்புக்கு எதிர்முனையில் வழுக்கை படியத் தொடங்கி, மெல்ல மேலேறி ஓடு முழுவதையும் பூசுகிறது. ஏழெட்டு மாதத்துக் காயில் தண்ணீரின் இனிப்பும் உச்சத்தில் இருக்கும், வழுக்கையும் கரண்டிக்கு ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். அந்த ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் விரல் நிழலாகத் தெரிய வேண்டும். அதைவிட இளசு என்றால் சளியாக ஒழுகும். அரைத்தால் வெள்ளையே ஏறாது. முற்றியதென்றால் ஏட்டின் முதுகில் பழுப்புத் தோல் ஒட்டியிருக்கும். அதைச் சீவாமல் அரைத்தால் வெள்ளை அடுக்கு சாம்பல் பூத்ததுபோல் மங்கும், நாக்கில் திப்பியும் தட்டும். வாங்கும்போதே காயைக் காதருகில் குலுக்கிப் பார்க்கலாம். தளும்பாமல் கனமாக இருந்தால் இளசு. தண்ணீர் சலசலத்தால் அது துவையலுக்கான காய்.

அடுக்குவதில்தான் கைத்திறன் தெரிகிறது. அகார் ஒருமுறை உறைந்துவிட்டால் மேலே ஊற்றும் சூடான கலவை அதை இளக்காது. ஆகவே முழுக்க உறைந்த அடுக்கின்மேல் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல், கரண்டி பட்டதும் மேலடுக்கு வழுக்கிக்கொண்டு தனியே வரும். கண்ணாடி அடுக்கை ஓட்டில் ஊற்றிய பின் அதன் முகத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், ஆனால் பள்ளம் விழக் கூடாது. அந்த நொடியில் நீளவாக்கில் நறுக்கிய வழுக்கை ஏடுகளைப் பாதி புதைந்தும் பாதி வெளியே நீட்டியும் நிற்கும்படி செருகிவிட்டு, வெள்ளைக் கலவையைக் கரண்டியின் முதுகில் விட்டு வழிய விடுகிறார் அந்த அக்கா. செருகிய ஏடுகள் இரண்டு அடுக்குகளையும் பிணைத்துவிடுகின்றன. அதுவரை வெள்ளைக் கலவை உறையாமல் இருக்க அதன் பாத்திரம் வெந்நீரிலேயே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு முறை ஊற்றாமலே அடுக்கு வரவழைக்கும் வழியும் இங்கே உண்டு. தேங்காய்ப்பால் சேர்த்த அகாரைச் சூடாக ஊற்றி அசைக்காமல் விட்டால், கொழுப்பு தானே மேலே மிதந்து வெள்ளை அடுக்காகிவிடும், கீழே தெளிவாக நிற்கும். பார்க்க மிக அழகு, உண்ணவும் நன்றாக இருக்கும். ஆனாலும் முற்றிய தேங்காயின் கொழுப்பு வாசம் இளநீரை மூடிவிடுகிறது. சென்னைக் கல்யாணப் பந்திகளில் வரும் இளநீர்ப் பாயசத்தில் கெட்டிப்பால் செய்கிற வேலையும் அதேதான். வழுக்கையை அரைத்துச் சேர்த்த வெள்ளையில் அந்தக் கனம் இல்லை. காயிலிருந்து வந்த இரண்டும் அதே காய்க்குள் திரும்பிப் போகின்றன, வெளிச்சுவை எதுவும் குறுக்கே வருவதில்லை. என் வாக்கு இதற்குத்தான்.

காயை வெட்டிய கணத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கிவிடும். இளநீர் காற்றுப் பட்டால் அதிலுள்ள நொதிகள் வேலை செய்து மெல்ல இளஞ்சிவப்பு ஏறும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, ஆனால் கண்ணாடி அடுக்கின் தெளிவு போய்விடும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நிறம் தாமதிக்கும். அதற்கு மேல் விட்டால் புளிப்பு தெரியும். நுரை பூத்து, மூக்கில் காரமாக ஏறினால் அது புளித்த தண்ணீர், கொட்டிவிட வேண்டியதுதான். உறைந்த புட்டிங்கைக் குளிர்பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்தால் போதும். மறுநாள் அகார் தண்ணீர் விடத் தொடங்கும்; அடுக்குகளுக்கு நடுவே ஈரம் கசிந்து அவை பிரியும். ஓட்டின் வெட்டுவாயும் கறுத்துவிடும். அதனால் அந்த அக்கா முன்தினம் செய்து வைக்கச் சொல்லும் ஆர்டரை ஏற்பதில்லை. காலையில் காய் வந்து இறங்கினால்தான் அடுப்பு பற்ற வைப்பார். மாலை விருந்துக்கு ஓடுகள் ஐஸ் பெட்டியில் போகும்.