நாலு பச்சை டிக், ஒரே நிமிஷம்

பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு டேப்லெட்டில் போட்டுத்தரும் பட்டியலில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. அதைச் செய்யவேண்டியவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர். ஆனால் திரை பார்க்கிறவருக்காக மட்டுமே அமைக்கப்பட்டிருக்கிறது.

என் அக்கா வீட்டுப் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். நாலாம் வகுப்புப் பையன். மாலை 4:15க்கு மணி அடிக்கும். டிபன் பாக்ஸைக் கழுவப் போடு, யூனிஃபார்ம் மாற்று, வீட்டுப்பாடம் முடி, டைரியில் கையெழுத்து வாங்கு என்று நாலு வேலை. அக்கா ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் ‘4/4’ என்று பச்சையாக இருக்கும். அதோடு நிம்மதி.

ஒருநாள் டிக் போட்ட நேரங்களைத் திறந்து பார்த்தோம். நாலும் 6:48க்கு. அக்கா வண்டி தெருமுனையில் திரும்பும் நேரம் அது! அவன் பொய் சொன்னான் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எல்லாத்தையும் செய்துவிட்டுக் கடைசியில் சேர்த்து டிக் போட்டிருக்கலாம். ஒண்ணுமே செய்யாமலும் போட்டிருக்கலாம். இரண்டுக்கும் திரையில் ஒரே பச்சைதான்.

4:15 மணி என்ன ஆச்சு? வேன் சில நாள் 4:40க்குத்தான் வரும். அதற்குள் மணி அடித்து, கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த தங்கை அதைத் தள்ளிவிட்டிருப்பாள். பொது டேப்லெட்டில் அறிவிப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

எதிர்காலத்தில் செய்யவேண்டியதை நினைவு வைப்பதைப் பற்றி 1990-இல் எழுதிய ஐன்ஸ்டைனும் (இவர் வேறு ஐன்ஸ்டைன், உளவியலாளர்) மெக்டேனியலும் அதை இரண்டாகப் பிரித்தார்கள். நேரத்தை ஒட்டியது ஒன்று, நிகழ்வை ஒட்டியது இன்னொன்று. நிகழ்வு தானாகவே கண்ணில் படும். நேரத்தை நாமேதான் தேடிப் பார்க்கணும். இந்தப் பட்டியலில் டிபன் பாக்ஸுக்கு மணியே வேண்டாம். ‘பையைக் கீழே வைத்ததும் பாக்ஸை வெளியே எடு’ என்றால் பையே நினைவூட்டும்.

நாலாவது வேலை இன்னும் மோசம். கையெழுத்து போடவேண்டியவர் அவன் வரும்போது வீட்டிலேயே இல்லை. அவனால் முடியாததை அவன் பட்டியலில் வைத்தால், ஒன்று தினமும் சிவப்பு, இல்லை தினமும் பொய்ப் பச்சை. அது அம்மாவின் பட்டியலுக்குப் போகணும்.

நான் சொன்ன மாற்றங்கள் இவ்வளவுதான்: மணியை எடுத்துவிடு, கையெழுத்தை உன் பக்கம் மாற்று, ‘இன்னிக்கு முடியல’ என்று ஒரு பொத்தான் வை. அது இல்லாத பட்டியலில் பிள்ளைக்கு உண்மை சொல்ல இடமே இல்லை.

எட்டு மணிப் பார்வை எண்ணிக்கைக்காக வேண்டாம். ‘கணக்குல எது கஷ்டமா இருந்துச்சு?’ என்று நோட்டைத் திறந்து கேட்டால் போதும். செய்தவனுக்குப் பதில் இருக்கும். செய்யாதவனுக்கு எந்த இடத்தில் நின்றுபோச்சு என்று தெரியவரும். அதை ‘4/4’ ஒருநாளும் சொல்லாது.