ஓபிவி டைவர்ஜென்ஸ்: ஓட்டம் எடுத்தது யார்?

விலை முந்தைய அடிமட்டத்தை உடைத்துக்கொண்டு கீழே போகிறது. ஓபிவி கோடு மட்டும் தன் பழைய அடிமட்டத்துக்கு மேலேயே நிற்கிறது. யாரோ பெரிய கை சத்தமில்லாமல் வாங்குகிறது, வாங்கலாம் என்பார்கள். ஜோசப் கிரான்வில் 1963-ல் வெளியான தன் புத்தகத்தில் பிரபலப்படுத்திய அளவீடு இது. வால்யூம் முன்னே போகும், விலை பின்னே வரும் என்பது அவர் வாதம். கணக்கு எளிது: இன்றைய முடிவு விலை நேற்றையதைவிட ஏறியிருந்தால் இன்றைய மொத்த வால்யூமையும் கூட்ட வேண்டும், இறங்கியிருந்தால் மொத்தத்தையும் கழிக்க வேண்டும்.

சார்ட்டில் இது பிரமாதமாக வேலை செய்வதுபோல் தெரியும். அந்தத் தோற்றத்தில் எவ்வளவு நிஜம் என்று பார்க்க, நிஃப்டி பங்குகளின் தினசரி விலையையும் பாண்டாஸ் தெரிந்த ஒருவரின் ஒரு மாலை நேரத்தையும் எடுத்துக்கொண்டால் போதும். பெரும்பாலான சோதனைகள் முதல் சில வரிகளிலேயே தடம்புரள்கின்றன:

```python
obv = (np.sign(close.diff()) * volume).fillna(0).cumsum()
pivot = close == close.rolling(11, center=True).min()
```

முதல் வரி ஓபிவி. இரண்டாவது வரி, ஒரு நாளின் விலை அதற்கு முந்தைய ஐந்து நாள், பிந்தைய ஐந்து நாள் இரண்டையும்விடக் குறைவாக இருந்தால் அதை அடிமட்டம் என்று குறிக்கிறது. `center=True` என்ற இடத்தில்தான் சிக்கல். அது அடுத்த ஐந்து நாள் விலையைப் பார்த்துவிட்டு இன்றைக்கு முத்திரை குத்துகிறது. அன்று சந்தையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அடிமட்டம் என்று தெரிய வழியே இல்லை. அதனால் சிக்னலை ஐந்து நாள் தள்ள வேண்டும்:

```python
known = pivot.shift(5, fill_value=False)
```

இந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனைப் பங்கில் பார்ப்போம். முதல் அடிமட்டம் 412 ரூபாய், இரண்டாவது 398. ஓபிவி ஏறியிருக்கிறது, ஆகவே டைவர்ஜென்ஸ். 398 அடிமட்டம்தான் என்று உறுதியாகும் நாளில் விலை 417. மறுநாள் காலை 419-ல் வாங்குகிறோம், ஒரு மாதம் கழித்து 431-ல் விற்கிறோம். சார்ட்டைக் காட்டிப் பேசுபவர் 398-லிருந்து எண்ணி 8 சதவீதத்துக்கு மேல் லாபம் என்பார். கைக்கு வந்தது 3 சதவீதத்துக்கும் குறைவு. டெலிவரி வர்த்தகத்தில் வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்டிடி உண்டு. தரகும் முத்திரை வரியும் போக அது இன்னும் தேயும்.

சரி, அந்த 3 சதவீதமாவது ஓபிவி சம்பாதித்துக் கொடுத்ததா? என் பார்வையில் முழுச் சோதனையின் உயிரும் இந்தக் கேள்விதான். ஒரு பேட்ஸ்மேன் 60 ரன் எடுத்தார் என்றால், அதே ஆடுகளத்தில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்காமல் அவரை எடைபோட முடியாது. இங்கே ஆடுகளம் என்பது, விலை புதிய அடிமட்டம் தொட்டு ஐந்து நாள் மீண்ட எல்லாத் தருணங்களும். அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஓபிவி கீழே போகாதவை ஒரு பக்கம், ஓபிவியும் சேர்ந்து கீழே போனவை மறுபக்கம். இரண்டையும் ஒரே விதிப்படி மறுநாள் வாங்கி, ஒரே கால அளவு வைத்திருந்து விற்க வேண்டும். முதல் பக்கச் சராசரி 2.9, இரண்டாவது பக்கச் சராசரி 2.7 என்று வந்தால், ஓபிவியின் சொந்த ஓட்டம் 0.2 மட்டுமே. மிச்சமெல்லாம் சரிவுக்குப் பின் வந்த மீட்சியின் கணக்கு. ஓபிவியைப் பார்க்காதவருக்கும் அது கிடைத்திருக்கும். டைவர்ஜென்ஸைப் புகழ்கிற சோதனைகளில் இந்த இரண்டாவது பக்கம் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

அந்த 0.2 கூட நிஜமா, தற்செயலா? சிக்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது. அந்த வாரத்தில் பங்குக்குப் பங்கு அடிமட்டம் உருவானது, பின்னர் சந்தை மொத்தமாக மேலே போனது. அங்கே முப்பது சிக்னல் வந்திருந்தால் அவை முப்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகிவிடாது, நடந்தது ஒரே நிகழ்வு. இதற்கு நல்ல வழி, டைவர்ஜென்ஸ் உள்ளது, இல்லாதது என்ற முத்திரைகளை ஒவ்வொரு மாதத்துக்குள்ளும் சீட்டு போல் கலைத்துப் போடுவது. ஆயிரம் முறை கலைத்து ஒவ்வொரு முறையும் இரு பக்க வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த 0.2 அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்கிறது என்று தெரியும். கலைத்துப் போட்டதிலேயே இருநூறு முறை 0.2-ஐத் தாண்டுகிறது என்றால் அதை நம்பிப் பணம் போட முடியாது.

பங்குப் பட்டியலிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பத்து வருடம் பின்னோக்கிச் சோதித்தால், 2020 மார்ச்சில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட யெஸ் பேங்க் அதில் இருக்காது. விழுந்துகொண்டே இருக்கும் பங்குதான் அடிமட்டத்துக்குக் கீழே அடிமட்டம் போடும். டைவர்ஜென்ஸ் தோன்ற வாய்ப்பும் அங்கேதான் அதிகம். தேறி வந்தவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால், மீளாத சரிவுகளில் வந்த சிக்னல்கள் கணக்கிலிருந்தே காணாமல் போகின்றன. அந்தந்தக் காலத்துப் பட்டியலைத் தேடி எடுத்தே தீர வேண்டும்.

ஓபிவியின் உடம்பிலேயே உள்ள பலவீனம் இன்னொன்று. மேலே சொன்ன பங்கின் வழக்கமான வால்யூம் நாளுக்கு 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடிமட்டங்களுக்கும் நடுவில் ஒரு நாள், குறியீட்டு மாற்றத்துக்காக ஃபண்டுகள் கடைசி நேரத்தில் வாங்கி விற்றதில் 42 லட்சம் பங்கு கைமாறுகிறது. அன்று விலை முந்தைய நாளைவிட 30 பைசா மேலே முடிகிறது. ஓபிவி அந்த 42 லட்சத்தையும் அப்படியே கூட்டிக்கொள்கிறது. முதல் அடிமட்டத்தைவிட இரண்டாவதில் ஓபிவி 18 லட்சம் மேலே என்று காட்டுகிறது. அதே 30 பைசா கீழே முடிந்திருந்தால் 84 லட்சம் வித்தியாசம் வந்து, ஓபிவி 66 லட்சம் கீழே போயிருக்கும். டைவர்ஜென்ஸே கிடையாது. வாங்கியவர்கள், விற்றவர்கள், காரணம் எதுவும் மாறவில்லை. மாறியது 30 பைசா மட்டும்.

ஆகவே ஒவ்வொரு சிக்னலிலும் நடுவில் உள்ள மிக அதிக வால்யூம் நாளின் குறியை மாற்றிப் பார்ப்பேன். அந்த ஒரு நாளால் டைவர்ஜென்ஸ் அழிந்துபோனால், பெரிய கை சேகரிக்கிறது என்ற கதைக்கு அங்கே ஆதாரம் இல்லை. பல நாள் வால்யூம் ஒரே பக்கம் சாய்ந்ததால் உருவானவை மட்டும் தப்பும். அவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும்.

இத்தனை வடிகட்டிக்குப் பிறகும் இரு பக்க வித்தியாசம் எஸ்டிடியையும் தரகையும் தாண்டி நின்றால்தான் அதை நுழைவுச் சிக்னல் என்பேன். தாண்டாவிட்டாலும் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. மொத்த வால்யூமில் அன்றே வாங்கி அன்றே விற்றவர்களின் வர்த்தகமும் சேர்ந்திருக்கிறது, சேகரிப்பவர் அப்படிச் செய்யமாட்டார். டெலிவரி எடுக்கப்பட்ட பங்கு எண்ணிக்கையை என்எஸ்இ தினமும் தனியாக வெளியிடுகிறது. `volume` இருந்த இடத்தில் அந்த எண்ணை வைத்து, இதே இரண்டு பக்கக் கணக்கை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம்.