அதிராத கை

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒரு பூனையைக் கூடையிலிருந்து வெளியே இழுத்து நான் பார்த்ததில்லை. கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றுவார். பூனை தன் வீட்டு வாசனை படிந்த பழந்துணியிலேயே உட்கார்ந்திருக்கும். அதன் கண்ணை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, தலையை ஒரு துண்டால் மூடி, அடியில் கையை நுழைப்பார். பிடரியைப் பிடித்துத் தூக்குவது அவரிடம் கிடையாது.

இதை வெறும் இரக்கம் என்று நினைத்திருந்தேன். பயந்த பூனையின் உடல் பொய் சொல்லும் என்று அவர் விளக்கினார். அச்சத்தில் இதயம் விரையும். ரத்தச் சர்க்கரைகூட நோயில்லாமலே ஏறிவிடும். அமைதியான உடலில்தான் உண்மையான நோய் தெரியும்.

அவர் படித்தது, 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மாடு, ஆடு, நாய், கோழி எனப் பல உடல்களைத் தொட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை. இன்றும் அவர் வாசலில் நாய்களுக்கு நடுவே முயலும் கிளியும் காத்திருக்கும்.

அந்த விரல்களின் அருமையை ஒரு மாலையில் கண்டேன். பக்கத்து வீட்டு அம்மா மூன்று வயது ஆண்பூனையோடு வந்தார். “மலச்சிக்கல் போலிருக்கு டாக்டர், மண்தட்டுல போய்ப் போய் முக்குறான்.”

“சிறுநீர் போனதைப் பார்த்தீங்களா?”

அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவர் வயிற்றில் மெல்லக் கைவைத்தார். சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவில் கல்லாக இறுகியிருந்தது. ஆண்பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. நுண்படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அழுத்திப் பிதுக்கினால் பை கிழிந்துவிடலாம் என்பதால், அளவைத் தெரிந்துகொண்டதுமே கையை எடுத்துவிட்டார்.

அடுத்து இதயத்தைக் கேட்டார். துடிப்பு மெதுவாக இருந்தது. வெளியேற வழியில்லாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தைத் தளர்த்துகிறது என்பதற்கு அது அடையாளம். முதலில் டிரிப்பும் இதயத்தைக் காக்கும் ஊசியும் போட்டார். துடிப்பு தேறிய பிறகே மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாயை நுழைத்து, உப்புநீரால் அடைப்பைக் கழுவினார். தேங்கியிருந்த சிறுநீர் செந்நிறமாக இறங்கியது. குழாயை இரண்டு நாள் விட்டுவைத்துச் சிறுநீரை அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். “திரும்பவும் அடைக்கலாம். நிறையத் தண்ணி குடிக்க வைங்க, ஈரமான சாப்பாடு கொடுங்க,” என்றார்.

பூனையைக் கூடையில் எடுத்துப்போகத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடையைச் சில நாள் முன்பே வீட்டில் திறந்து வையுங்கள். பூனை அதில் படுத்துப் பழகட்டும். ஆனால் ஆண்பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் எதற்கும் காத்திருக்காதீர்கள். விடியும்வரைகூட வேண்டாம், அப்போதே கிளம்புங்கள்.