கதைசொல்லியை வெளியே அனுப்புங்கள்

கல்லூரி ஒலி நாடகப் போட்டிகளில் கதைசொல்லி இல்லாத பிரதியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. நடுவர் ஒருமுறைதான் கேட்பார், இடமும் பொழுதும் அவருக்குத் தெரிய வேண்டாமா என்று பயிற்சி தருபவர்கள் நியாயம் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மழை பெய்வதும் வாணலியில் எண்ணெய் பொரிவதும் ஒலிவாங்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். எது எது என்று தெளிய ஒரு சொல்லாவது வேண்டும்.

அந்தச் சொல்லை யார் சொல்வது என்பதில்தான் என் சண்டை. "அப்போது மழை பெய்யத் தொடங்கியது" என்று கதைசொல்லி அறிவித்தால் அது வெறும் தகவல். "கொடியில கெடக்க துணிய எடு பிள்ளே!" என்று ஒரு கிழவி கத்தினால் மழையும் வந்துவிடுகிறது, முற்றமும் வந்துவிடுகிறது, அவசரமும் வந்துவிடுகிறது. 1924இல் பிபிசி ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்' நாடகம் விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. பாத்திரங்களுக்கும் கண் தெரியாததால் அவர்கள் கேட்டும் தடவியும் பேசுவது இயல்பாகிறது, கேட்பவரும் அவர்களோடு இருட்டில் நிற்கிறார். நூறாண்டு கழிந்தும் நம் மாணவர்கள் மேடை நாடகத்தை எழுதிவிட்டு, திரைக்குப் பதிலாக ஓர் அறிவிப்பாளரை வைக்கிறார்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகளும் இதையே செய்வதுதான் பொறுக்கவில்லை. அங்கே கேரள-தமிழ்நாடு எல்லை காதில் விழுகிறது. நெய்யாற்றின்கரையில் ஏறும் தாயும் மகனும் களியக்காவிளையில் இறங்கி மார்த்தாண்டம் பஸ் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். கேரள பஸ்ஸில் கண்டக்டர் கயிற்றை இழுக்க, இரட்டை மணி அடித்து வண்டி கிளம்பும். தமிழ்நாட்டு பஸ்ஸில் விசில். இரட்டை மணி, இறங்கி நடக்கும் சந்தடி, பிறகு விசில், கூடவே "மார்த்தாண்டம், நாகர்கோவில்" என்ற கூவல். மாநிலம் மாறிவிட்டது. "அவர்கள் எல்லையைக் கடந்தார்கள்" என்ற வரிக்கு அங்கே என்ன வேலை?

பேச்சும் அப்படியே. 1956இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தப் பிரிவு வீட்டுக்குள்ளும் கேட்கும். பாட்டி தமிழில் கூப்பிட, "எந்தா அம்மூம்மே?" என்று பேரன் கேட்கிறான். ஊரும் தலைமுறையும் பள்ளிக்கூடமும் அந்த இரண்டு சொல்லில் இருக்கின்றன. போட்டிப் பிரதியிலோ இருவரும் பாடநூல் தமிழில் பேசுகிறார்கள். பேச்சைத் துடைத்து ஊரை அழித்துவிட்டு, "பாறசாலையில் ஒரு வீடு" என்று அறிவிக்கக் கதைசொல்லியை அழைத்து வருகிறார்கள். நோயை வரவழைத்துவிட்டு மருந்தைப் புகழ்வது இது.

வெளியூர் நடுவருக்கு அந்தப் பேச்சு புரியாது என்பார்கள். துணி எடுக்கச் சொன்ன கிழவியின் பதற்றம் புரியாத நடுவரை மனத்தில் வைத்து எழுதுவதைவிட, அந்தப் பரிசை விட்டுவிடலாம்.